‘இதையே நேரில் அழைத்ததாகக் கருதவும்’: கருத மாட்டேன்!



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து வாசியுங்கள். பாதியில் கோபம் வந்தாலும் பரவாயில்லை, முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் தங்கை மகன் கடந்த ஆவணியில் மதுரைக்கு வெளியே புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். அந்த அழைப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மாமா, எம்பேரை மட்டும் போடாதீங்க" என்றான். போடவில்லை. சொந்தக்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அவன் செய்தது இதுதான். வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தான். அதில் 164 பேரைச் சேர்த்தான். எங்கள் சொந்தக்காரர்கள் எழுபது பேர் இருப்பார்கள். இருபத்திரண்டு வருடம் வாடகைக்குக் குடியிருந்த பழைய தெருக்காரர்களும் புது மனைப்பிரிவின் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து நாற்பது பேர். மீதி அலுவலக நண்பர்கள். ஒரு படம், ஒரு லொகேஷன், அதன் கீழே ஒரு செய்தி. அந்தச் செய்தி இப்படி இருந்தது:

"அனைவருக்கும் வணக்கம். ஆவணி 12ஆம் நாள் வியாழக்கிழமை அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள் கணபதி ஹோமத்துடன் எங்கள் புதுமனை புகுவிழா நடைபெற இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அன்பளிப்புகளைத் தவிர்க்கவும். இதையே நேரில் அழைத்ததாகக் கருதவும்."

முப்பத்து நான்கு வருடம் தமிழ் நடத்தியவன் நான். இதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. தேர்வில் எழுதியிருந்தால் ஐந்துக்கு நாலரை போட்டிருப்பேன். ஆனால் இது அழைப்பா என்று கேட்டால், இல்லை என்பேன். இது அறிவிப்பு. நகராட்சி 'நாளை குடிநீர் வராது' என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போகிறதே, அந்த வகை.

ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் நேரம். அதிகாலை 4.30 முதல் 6.00 வரை. இந்த ஒரு வரியை மூன்று கூட்டத்தார் மூன்று விதமாக வாசித்தார்கள். சொந்தக்காரர்களுக்கு அதன் பொருள், 'முதல் நாள் ராத்திரியே வந்து படுத்துக்கொள்ள வேண்டும்' என்பது. எங்கே படுப்பது என்று செய்தியில் இல்லை. பழைய தெருக்காரர்களுக்கு அது, 'விடிந்ததும் போய்த் தலையைக் காட்டிவிட்டு டிபன் சாப்பிட்டுத் திரும்பலாம்' என்பது. டிபன் உண்டா, எத்தனை மணி வரை என்று செய்தியில் இல்லை. அலுவலகத்தில் இருந்தவர்கள், 'ஹோமம் எல்லாம் குடும்பத்து விஷயம், அந்த நேரத்தில் நாம் போய் நிற்கக் கூடாது, எல்லாம் முடிந்து மதியச் சாப்பாட்டுக்குப் போவோம்' என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் இஸ்லாமிய நண்பர் ஒருவர் உண்டு. ஹோமம் என்று பார்த்ததும், தான் எப்போது போனால் இவர்களுக்குச் சங்கடம் இல்லாமல் இருக்கும் என்று இரண்டு நாள் யோசித்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். ஒரு விருந்தாளியை இரண்டு நாள் யோசிக்க வைப்பதா அழைப்பு?

இன்னொன்று. ஆவணி 12 என்று போட்டவன் ஆகஸ்ட் 28 என்று போடவில்லை. அவன் அலுவலகத்தில் தினசரி காலண்டர் கிழிப்பவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்?

இப்போது சமையல் கணக்கு. சமையல்காரர் ஒரு வாரத்துக்கு முன்பே "எத்தனை இலை?" என்று கேட்டார். இவன் குழுவைத் திறந்து பார்த்தான். கும்பிடுகிற கைப்படம் முப்பத்தெட்டு. அந்தக் கைக்கு என்ன பொருள்? 'வணக்கம்' என்று ஒருவர் போடுவார். 'நன்றி' என்று ஒருவர் போடுவார். 'கண்டிப்பாக வருகிறேன்' என்பதற்கும் அதே கைதான், 'வர முடியாது, மன்னிக்கவும்' என்பதற்கும் அதே கைதான். மற்ற 126 பேர் ஒன்றுமே போடவில்லை. இடையில் ஒருவர் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துப் போட, அதற்குப் பத்துப் பேர் கேக் படம் போட, அழைப்பு மேலே போய்விட்டது. இவன் 164 பேரை மூன்றால் பெருக்கி, வந்த எண்ணைப் பாதியாக்கி, "250 இலை" என்றான். இப்படி ஒரு கணக்கைப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தால் கணக்கு வாத்தியார் பெஞ்சில் ஏற்றியிருப்பார்.

காலைப் பந்திக்கு வந்தவர்கள் நூற்றுப்பத்துப் பேர். வெண்பொங்கல் ஒரு தேக்சா அப்படியே நின்றது. பத்தரைக்குச் சமையல்காரர் பாத்திரம் கழுவிவிட்டார். பதினொன்றரைக்கு அலுவலகத்திலிருந்து ஏழு காரில் முப்பது பேர் வந்து இறங்கினார்கள், மதியச் சாப்பாட்டை நம்பி. இவன் ஓட்டலுக்கு ஓடினான். பார்சல் வந்து சேர ஒன்றே கால் மணி. வந்தவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் என் தங்கை முகத்தை நான் பார்த்தேன். வாழ்நாளில் ஒரு தடவை கட்டுகிற வீடு. அதன் முதல் நாளில் அடுப்படியில் நின்று அழுதாள்.

அடுத்தது, 'அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்'. இதை நல்ல மனதோடுதான் போட்டான். அலுவலக நண்பர்களுக்கு அது நிம்மதி. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் கவர் வைக்கப் பணம் தேட வேண்டாம். அவர்கள் வரைக்கும் சரிதான்.

ஆனால் அதே வரி எங்கள் சொந்தத்தில் என்ன செய்தது தெரியுமா? மொய் என்பது அன்பளிப்பு அல்ல, தம்பிகளா. அது கைமாற்று. உன் வீட்டு விசேஷத்துக்கு நான் செய்தேன், என் வீட்டு விசேஷத்துக்கு நீ கொஞ்சம் கூட்டிச் செய்வாய், அதற்கு ஒரு நோட்டு இருக்கும். அந்தக் கணக்கு எந்த வீட்டிலும் முடியக் கூடாது. முடிந்தால் போக்குவரத்து முடிந்தது என்று பொருள். எங்கள் பெரியப்பா மகன் ஒருவருடைய பெண் கல்யாணத்துக்கு என் தங்கை 2,001 ரூபாய் செய்திருந்தாள். அவருக்கு இப்போது கொஞ்சம் கஷ்ட காலம். இருந்தும் இந்த விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று சீட்டுப் பணத்தில் எடுத்து வைத்திருந்தார். செய்தியைப் பார்த்தவர் வரவே இல்லை. பிறகு நான் போய்க் கேட்டபோது சொன்னார்: "வாங்குனதைத் திருப்பித் தர வேண்டாங்கிறான். எங்கிட்ட இருக்காதுன்னு நினைச்சிட்டான், இல்லன்னா கணக்கை முடிச்சுக்கிறான். ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் எதுக்குப் போகணும்?"

மருமகன் இரண்டையும் நினைக்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் ஒரே வாக்கியம் ஒருவருக்கு நிம்மதியாகவும் இன்னொருவருக்கு அவமானமாகவும் போய்ச் சேர்ந்தது. இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே மைக்கில் பேசியதன் பலன் அது.

மூன்றாவதுதான் எனக்கு ஆறவே இல்லை. 'இதையே நேரில் அழைத்ததாகக் கருதவும்.' வேலை உன்னுடையது. வந்து கூப்பிட வேண்டியவன் நீ. நீ வராததை, வந்ததாக நான் கருதிக்கொள்ள வேண்டுமாம். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து, "சார், எழுதினதா நினைச்சுக்கோங்க" என்று உங்களில் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

பழைய தெருவில் எதிர்வீட்டு அக்கா ஒருவர். என் தங்கை மாமியார் இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கையில் கிடந்தபோது, தங்கை வேலைக்குப் போக, பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டது அந்த அக்காதான். இவன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போன நாளெல்லாம் சோறு போட்டதும் அவர்தான். அவரிடம் இருப்பது பட்டன் போன். குழுவில் சேர்த்தது வெளிநாட்டில் இருக்கிற அவர் மகனை. மகன் வேலைக்கு நடுவே ஒரு கும்பிடு போட்டுவிட்டு அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டான். பால் காய்ச்சி ஒரு வாரம் கழித்து என் தங்கை கடைவீதியில் அவரைப் பார்த்திருக்கிறாள். "பால் காய்ச்சியாச்சாமே?" என்று மட்டும் கேட்டாராம். கோபம் இல்லை, சண்டை இல்லை. அந்த 'ஆமே'யை எந்த இலக்கணத்தில் விளக்குவேன்? நமக்கு வேண்டியவர்கள் வீட்டுச் செய்தியை அடுத்தவர் வாயால் கேள்விப்பட்டால் வருகிற 'ஆமே' அது.

இதையெல்லாம் சொன்னபோது மருமகன் சும்மா இருக்கவில்லை. அவன் பதிலையும் நேர்மையாக எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி சரி.

"மாமா, நேர்ல போய்க் கூப்பிட்டா மட்டும் என்ன வாழ்ந்துச்சு? யார் வீட்டுக்கு முதல்ல போனேன், பத்திரிகையில யார் பேரு மேல, யாருக்குத் தாம்பாளத்துல வச்சுக் குடுத்தேன், யாருக்குக் கையில குடுத்தேன், எல்லாத்துக்கும் சண்டை. அந்த முறையில ஆளுக்கு ஒரு தரம் இருந்துச்சு. ஒரே குழு, ஒரே செய்தின்னா பெரியப்பாவும் ஆபீஸ் பியூனும் ஒண்ணு. அது தப்பா?"

தப்பில்லை. அவன் சொன்னது எவ்வளவு உண்மை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

1989இல் நான் வீடு கட்டினேன். கடன் வாங்கிக் கட்டிய இரண்டு அறை வீடு. அதற்கு இரண்டு அழைப்பிதழ் அடித்தேன். ஒன்று சொந்தக்காரர்களுக்கு: காலை ஹோமம், இலைபோட்டுச் சாப்பாடு. இன்னொன்று பள்ளி ஆசிரியர்களுக்கு: அன்று மாலை 5 மணி, 'சிற்றுண்டி'. கேட்டவர்களிடம் இடம் போதாது என்றேன். உண்மைக் காரணம் வேறு. எங்களோடு வேலை பார்த்த அறிவியல் ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்த பந்தியில் தன் அண்ணன் தம்பிகள் உட்கார மாட்டார்கள் என்று என் அப்பா சொன்னார். அவர் ஒருவரை மட்டும் விட்டால் வெளியே தெரியும். அதனால் ஆசிரியர்கள் எல்லோரையும் மாலைக்குத் தள்ளினேன். வகுப்பில் 'எல்லோரும் ஓர் குலம்' நடத்திக்கொண்டிருந்த அதே வருடம்தான்.

அவர் மனைவியோடு வந்தார். கேசரி, பஜ்ஜி சாப்பிட்டார். எவர்சில்வர் குடம் ஒன்று கொடுத்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்து, காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்றார். கொல்லைப்புறத்தில் காலையில் சாப்பிட்ட வாழை இலைகள் குவிந்து கிடந்தன. அதையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அவரும் வீடு கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரே அழைப்பிதழ். அவருடைய சொந்தக்காரர்களுக்கு என்ன நேரமோ அதே நேரம். "காலையிலேயே வந்துடுங்க சார், சாப்பாடு நம்ம வீட்லதான்" என்றார். போனேன். அவருடைய அப்பாவுக்குப் பக்கத்து இலையில் என்னை உட்கார வைத்தார். பெரியவர் என் இலையைப் பார்த்துப் பார்த்து, "வாத்தியாருக்கு இன்னும் கொஞ்சம் வை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எனக்கு அன்று அடித்த அடியை வேறு யாரும் எனக்கு அடித்ததில்லை.

அதனால்தான் மருமகன் 'எல்லோரும் ஒன்று' என்றபோது நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். இந்தப் பதிவு முழுவதற்கும் சாரம் அந்தப் பதில்தான்: சொல்லும் விதம் வேறு வேறாக இருக்கலாம், பந்தி வேறு வேறாக இருக்கக் கூடாது. நான் செய்த பாவம் பந்தியைப் பிரித்தது. நீ செய்த பிழை, பந்தியைப் பிரிக்காமல் இருப்பதற்காக மனிதர்களையும் பிரித்துப் பார்க்காமல் விட்டது. சாப்பாட்டில் காட்ட வேண்டிய சமத்துவத்தைச் செய்தியில் காட்டிவிட்டு முடித்துக்கொண்டாய்.

நேரமில்லை என்பீர்கள். வாருங்கள், கணக்குப் போடுவோம். இவன் குழுவில் இருந்த எழுபது சொந்தக்காரர்கள் மொத்தம் இருபத்து நாலு வீடு. அதில் நேரில் போயே தீர வேண்டிய பெரியவர்கள் வீடு ஆறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மீதிப் பதினெட்டு வீட்டுக்குப் போன். வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரம். பழைய தெருவும் புதுத் தெருவும் சேர்ந்து பதினாலு வீடு. குங்குமச் சிமிழோடு நடந்தால் ஒரு சாயங்காலம், அந்த அக்கா வீட்டில் காபி குடிக்கிற நேரமும் சேர்த்து. அலுவலகத்தில் ஐம்பத்து நாலு பேருக்குத் தனித்தனிச் செய்தி, மேலே அவரவர் பெயர் போட்டு. இன்னொரு சாயங்காலம். (பிராட்காஸ்ட் என்ற வசதியில் அனுப்பினால் வேலை குறையும் என்பீர்கள். உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். விட்டுப்போனவர்களை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.) ஆக ஒரு ஞாயிறு, மூன்று சாயங்காலம். இவன் தரைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்க எத்தனை ஞாயிறு அலைந்தான் என்று கேட்டேன். ஒன்பது.

அலுவலக நண்பர்களுக்கு என்ன எழுதுவது என்று கேட்டான். எழுதிக் கொடுத்தேன்:

"ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை, புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம். பூஜை விடியற்காலை 4.30க்கு. அதற்கும் வரலாம், வராவிட்டாலும் ஒன்றுமில்லை. காலைச் சாப்பாடு 7 மணியிலிருந்து 10.30 வரை, எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்போது இருப்பார்கள். மதியச் சாப்பாடு ஏற்பாடு இல்லை. நீங்கள் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று திங்கள்கிழமைக்குள் சொன்னால் சமையலுக்கு உதவியாக இருக்கும். பரிசு எதுவும் வேண்டாம்."

இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் வாசிப்பவருக்குச் சந்தேகம் மிச்சமில்லை. எப்போது வருவது, எதற்கு வருவது, சாப்பாடு உண்டா, யாரோடு உட்காருவோம், எல்லாம் இருக்கிறது. சொந்தக்காரர்களிடம் போனில் பேசும்போது கடைசி வரி கிடையாது. அவர்களிடம் பரிசைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. உண்மையிலேயே மொய் வாங்க விருப்பம் இல்லையென்றால் நேரில் போய் உட்கார்ந்து, காரணத்தோடு சொல்ல வேண்டிய விஷயம் அது. படத்தின் அடியில் போடுகிற வரி அல்ல.

குழு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எல்லோரையும் கூப்பிட்டு முடித்த பிறகு குழுவை ஆரம்பியுங்கள். லொகேஷன் போடுங்கள், பஸ் எண் போடுங்கள், முதல் நாள் ராத்திரி ஒரு நினைவூட்டல் போடுங்கள். அதற்கு அது அருமையான சாதனம். கூப்பிட்டவனுக்கு வழி சொல்லத்தான் அது, கூப்பிடுவதற்கு அல்ல.

மருமகன் போன மாதம் அந்த அக்கா வீட்டுக்குப் போனான். கூட நானும் போனேன். வாசலில் நின்று, "அத்தே, தப்புப் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து நீங்க ஒரு தடவை பால் காய்ச்சணும்" என்றான். அவர் உடனே வரேன் என்று சொல்லிவிடவில்லை. "உங்கம்மாவை வந்து கூப்பிடச் சொல்லு" என்றார். நியாயம்தானே? அன்று சாயங்காலமே என் தங்கை போனாள்.

தை பிறந்துவிட்டால் உங்களில் பலர் பால் காய்ச்சுவீர்கள். ஏற்கெனவே இரண்டு பேர் வீட்டுப் படம் அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு வயது எழுபது. முழங்கால் வலி. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் நேரில் வந்துதான் கூப்பிட வேண்டும் என்று கேட்க மாட்டேன். ஒரு போன் போதும். "சார், நான்தான் பேசுறேன், வந்துடுங்க" என்ற ஒரு வரி போதும், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவேன். ஆனால் 'நேரில் அழைத்ததாகக் கருதவும்' என்று யாராவது படம் அனுப்பினால், நானும் வந்து சாப்பிட்டதாகக் கருதிக்கொள்ளுங்கள்.